ஆபீஸ் கல்யாணப் பரிசுக்குப் பங்கு வசூல்: நான்கு வழிகள், யார் கை கடிக்கும்?

கல்யாணப் பத்திரிகை மேஜைக்கு வந்த அன்று மாலையே "எல்லாரும் சேர்ந்து பெரிசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்" என்ற பேச்சு வந்துவிடும். யாருக்கு ஜிபே பண்ணுவது, எப்போதைக்குள் பண்ணுவது என்ற இடத்தில்தான் எல்லோரும் அவரவர் திரையைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கடைசியில் வசூல் பொறுப்பு மறுக்கத் தெரியாத ஒருவர் தலையில் விழும். அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எந்த ஆப் நல்லது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதுவானாலும் பணம் யூபிஐ வழியாகவே வருகிறது. ஆளுக்கு ஆள் அனுப்பக் கட்டணமும் கிடையாது. பொருள் வாங்கும் நாளில் கடைக்காரருக்குப் போகும் பணம் யாருடையது, அன்று வராத பங்கை யார் சுமக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். கீழே உள்ள நான்கு வழிகளையும் அதை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, முன்பணம். இருபது பேர் தலா 500 ரூபாய் என்றால் 10,000. நான்கு பேர் தராவிட்டால் 2,000 ரூபாய் ஒருவர் சம்பளத்திலிருந்து போகிறது.

இரண்டாவது, தடயம். பத்து நாள் கழித்து "நான் அப்பவே அனுப்பிட்டேனே" என்று ஒருவர் சொன்னால், அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

மூன்றாவது, கேட்கும் வேலை. இரண்டு நினைவூட்டலோடு முடிகிற வசூலும் உண்டு, மூன்று மாதம் இழுக்கிற வசூலும் உண்டு. இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் முறைதான். ஆட்கள் எல்லா ஆபீஸிலும் ஒரே மாதிரிதான்.

நான்காவது, விலகும் வழி. இந்த மாதம் கையில் பணம் இல்லாதவர், அதை நாலு பேர் முன்னால் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறதா? வசூலிப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

## வழி 1: ஒருவர் கணக்கு, ஒரு பட்டியல், ஒரு கடைசி நாள்

ஒருவர் தன் யூபிஐ ஐடியைக் கொடுக்கிறார், எல்லோரும் அதற்கு அனுப்புகிறார்கள், கடைசி நாளன்று கையில் இருப்பதற்குள் பொருள் வாங்கப்படுகிறது. பத்து முதல் முப்பது பேர் வரை உள்ள குழுவுக்கு இதுதான் பொருத்தம். முன்பணம் யாரும் போட வேண்டியதில்லை என்பது பெரிய லாபம். கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு.

முதல் இடம் போன் நம்பர். "என் நம்பருக்கே ஜிபே பண்ணுங்க" என்று சொல்வது சுலபம்தான். ஆனால் ஒரே நம்பருக்கு கூகுள் பேயில் ஒரு வங்கியும் போன்பேயில் வேறொரு வங்கியும் இணைத்திருந்தால், அனுப்புகிறவர் எந்த ஆப்பில் அனுப்புகிறார் என்பதைப் பொறுத்துப் பணம் இரண்டு கணக்குகளில் போய் விழலாம். பிறகு இரண்டு ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு கூட்ட வேண்டியதுதான். நம்பருக்குப் பதிலாக ஒரே ஒரு யூபிஐ ஐடியையோ அதன் கியூஆர் படத்தையோ கொடுங்கள். அது குறிப்பிட்ட ஒரு கணக்கைத்தான் சுட்டும். அதிகம் புழங்காத சேமிப்புக் கணக்கு இருந்தால் அதைக் கொடுப்பது இன்னும் நல்லது. பால் காசும் ஆட்டோ காசும் கலக்காத ஸ்டேட்மென்ட்டே பாதிக் கணக்கு நோட்டு.

இரண்டாவது இடம் தொகை. 500 என்று கேட்காமல் 501 என்று கேளுங்கள். மொய் வழக்கத்துக்கும் பொருந்தும், ஸ்டேட்மென்ட்டில் தேடினால் இந்த வசூல் மட்டும் தனியாக நிற்கும். அதே மாதம் இன்னொருவருடைய பணி ஓய்வுக்கும் வசூல் நடந்தால் அதற்கு 502 வையுங்கள். அனுப்பும்போது குறிப்பில் எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள், எழுதியதையும் சில வங்கி ஸ்டேட்மென்ட் வெட்டிவிடும். தொகையை எந்த வங்கியும் வெட்டுவதில்லை.

மூன்றாவது இடம் பட்டியல். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயர்ப் பட்டியல் போட, மற்றவர்கள் அதை நகலெடுத்துத் தங்கள் பெயருக்கு நேராக டிக் போட்டு மறுபடியும் போடும் பழக்கம் இருக்கிறதே, அதைத் தவிருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பழைய பட்டியலை நகலெடுத்தால், பின்னால் போடுகிறவரின் பட்டியலில் முன்னவரின் டிக் இருக்காது. அடுத்து வருகிறவர் கடைசிப் பட்டியலைத்தான் நகலெடுப்பார். பணம் கொடுத்தவர் பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது, மனஸ்தாபமும் இங்கேதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் "கொடுத்துட்டேன்" என்று தட்டியிருப்பது அவர் சொல்வதுதான். பணம் வந்ததற்கு அது சாட்சி ஆகாது.

பட்டியலில் எழுதுகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கூகுள் ஷீட்டில் நான்கு கட்டம் போதும்: பெயர், தொகை, வந்த தேதி, பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். யூபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் உண்டு. அனுப்பியவர் ஆப்பிலும் வாங்கியவர் ஸ்டேட்மென்ட்டிலும் அதே எண்தான் இருக்கும் என்பதால் தகராறு வந்தால் அதுவே தீர்ப்பு. மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

மொய் மேஜையைக் கவனித்திருப்பீர்கள். பணத்தை வாங்கி எண்ணுகிறவர் ஒருவர், நோட்டில் எழுதுகிறவர் இன்னொருவர், தொகையைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார்கள். இங்கேயும் கணக்கு ஒருவருடையதாகவும் ஷீட் இன்னொருவருடையதாகவும் இருந்தால், தவறு அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

## வழி 2: ஆப்பிலேயே பங்கு பிரிப்பது

கூகுள் பே மாதிரி ஆப்களில் குழு சேர்த்து மொத்தத் தொகையைப் பிரித்துவிடலாம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது திரையிலேயே தெரியும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. குழுவில் எல்லோரும் அதே ஆப்பில் இருந்தாக வேண்டும் என்பதில்தான் மாட்டுகிறது. இருபது பேரில் ஐந்து பேர் போன்பே, இரண்டு பேர் வங்கி ஆப் என்றால் அந்த ஏழு பேருக்கும் தனிப் பட்டியல் வைக்க வேண்டியதாகும். இரண்டு பட்டியல் வைப்பது ஒன்றுமே வைக்காததைவிட மோசம்.

இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் ஒருவருக்குப் பணக் கோரிக்கை அனுப்பினால், அவர் பின் நம்பர் போட்டதும் பணம் வந்துவிடும். மோசடி பெருகியதால், தனிநபர் தனிநபரிடம் இப்படிக் கேட்டு வாங்கும் கலெக்ட் முறையை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்திவிட்டது. எனவே பிரிப்பு வசதி உங்களுக்காகக் கணக்குப் போடும், நினைவூட்டும், அவ்வளவுதான். பணத்தை அவரே முன்வந்து அனுப்ப வேண்டும். பழைய நினைப்பில் "ரிக்வஸ்ட் வரும், பின் போட்டுடுங்க" என்று குழுவில் எழுதிவைக்காதீர்கள். மோசடிக்காரர்களும் அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள்.

ஸ்பிளிட்வைஸ் போன்ற கணக்கு ஆப் வேறு வகை. நான்கைந்து நண்பர்கள், வருடம் முழுக்க ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல், இந்தப் பரிசை ஒருவர் வாங்கினார், போன மாத டூருக்கு இன்னொருவர் கட்டினார் என்றால் அது கழித்துக் கூட்டி மிச்சத்தைச் சொல்லும். ஆபீஸ் வசூல் ஒரு தடவை நடந்து முடிகிற விஷயம். அதற்காக இருபது பேரைப் புது ஆப்பில் சேர்ப்பதற்குள் முகூர்த்தமே வந்துவிடும்.

## வழி 3: முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்பது

நேரம் இல்லாதபோது இதைத் தவிர வேறு வழி இல்லை. நாளை மறுநாள் கல்யாணம் என்று இன்று தெரிந்தால், ஒருவர் கார்டில் வாங்கிவிட்டு "ஆளுக்கு இவ்வளவு" என்று பில்லை குழுவில் போடுவார். பில் கண்முன் இருப்பதால் தொகையில் சந்தேகம் வராது. நான்கு பேர் சேர்ந்து 3,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

பெரிய குழுவில் இது கடிக்கும். பொருளைக் கொடுத்தாயிற்று, போட்டோவும் எடுத்தாயிற்று என்றால் பங்கு போடும் அவசரம் யாருக்கும் இருக்காது. வரவேண்டிய பணம் பரிசுக்கான பங்காக இருந்தவரை கேட்பது சுலபம். கல்யாணம் முடிந்ததும் அது ஒருவருக்குத் திருப்பித் தரவேண்டிய கடனாக மாறிவிடுகிறது. ஆபீஸில் கடனைக் கேட்க யாருக்குத்தான் வாய் வரும்? கிரெடிட் கார்டில் போட்டவர் கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டி வேறு சேரும். அந்த வட்டியைப் பங்கு பிரிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தனக்குத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும் முன்பணம் போடுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போட்டால் கேட்பதற்கும் இரண்டு மூன்று வாய் இருக்கும்.

## வழி 4: மாதச் சந்தா

மாதம் ஆளுக்கு 100 ரூபாய், அதிலிருந்து எல்லாருடைய விசேஷத்துக்கும். ஆட்கள் அடிக்கடி மாறாத பள்ளி ஆசிரியர் அறை, வங்கிக் கிளை போன்ற இடங்களுக்கு இது ஒத்துவரும். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியதில்லை, பணம் தயாராக இருக்கும். சம்பளத் தேதிக்கு மறுநாள் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுக்கொள்பவர்களிடம் ஒரு தடவைக்கு மேல் கேட்க வேண்டியிராது.

மறைந்திருக்கும் செலவு விதிமுறைகளில் இருக்கிறது. கல்யாணத்துக்கு எவ்வளவு, குழந்தை பிறந்தால் எவ்வளவு, ஆறே மாதத்தில் மாற்றலாகிப் போகிறவருக்குத் திருப்பித் தருவதா இல்லையா என்பதை முதல் மாதமே எழுதிவைக்காவிட்டால், "அவருக்கு 5,000, எனக்கு 3,000-ஆ?" என்ற பேச்சு கட்டாயம் வரும். அந்தப் பேச்சில் உடையும் உறவை எந்தப் பரிசும் ஒட்டவைக்காது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் ஐடி டீமுக்கு இது வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஒரு கணக்கு, கடைசி நாள் | ஆப்பில் பிரிப்பது | வாங்கிவிட்டு வசூல் | மாதச் சந்தா |
|---|---|---|---|---|
| முன்பணம் | யாருக்கும் இல்லை | வாங்கும் நேரத்தைப் பொறுத்தது | வாங்கியவருக்கு முழுவதும் | இல்லை |
| தடயம் | 501 வைத்தால் தெளிவு | அந்த ஆப்புக்குள் மட்டும் | பில் உண்டு, வரவு சிதறும் | நோட்டு ஒழுங்கைப் பொறுத்தது |
| கேட்கும் வேலை | கடைசி நாளோடு முடியும் | ஆப் நினைவூட்டும் | மாதக்கணக்கில் இழுக்கும் | மாதாமாதம் கொஞ்சம் |
| விலகும் வழி | உண்டு | பெயர் நிலுவையில் தெரியும் | கிட்டத்தட்ட இல்லை | இல்லை |
| பொருந்தும் இடம் | 10–30 பேர், ஒரு வாரம் அவகாசம் | ஒரே ஆப்பில் இருக்கும் சிறு குழு | 4–5 பேர், அவசரம் | நிலையான குழு, அடிக்கடி விசேஷம் |

## ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முதல் வழியையே எடுத்துக்கொள்வோம். மணமகளை விட்டுவிட்டு 24 பேர், பங்கு 501, கல்யாணம் 12-ஆம் தேதி. முதல் தேதி சம்பளம் வந்த மாலையில் செய்தி போகிறது, 6-ஆம் தேதி கடைசி. எல்லோரும் கொடுத்தால் 12,024 ரூபாய். இந்த எண்ணை நம்பி 12,000 ரூபாய் கிரைண்டரைப் பார்த்து வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எதிர்பார்க்கும் தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்குள் பொருளைத் தேடுங்கள். இங்கே அது ஏறக்குறைய 9,600. மீதி எவ்வளவு வந்தாலும் மொய்க் கவரில் போகும். கிரைண்டருக்கு ஒரே விலைதான். கவர் எந்தத் தொகைக்கும் வளைந்துகொடுக்கும். பிந்தி வரும் பணத்துக்கும் அதில் இடம் உண்டு.

6-ஆம் தேதி இரவு கணக்கில் 501 என்று 18 வரவு, அதாவது 9,018. வசூலித்தவர் தன் பங்கைத் தனக்கே அனுப்ப முடியாது என்பதால் அது ஸ்டேட்மென்ட்டில் வராது. அதனாலேயே பலர் தங்கள் பங்கை மறந்துவிடுகிறார்கள், பிறகு கணக்கு 501 ரூபாய் உதைக்கும். ஷீட்டில் முதல் வரி உங்கள் பெயராக இருக்கட்டும். அதையும் சேர்த்தால் 9,519. ஒருவர் கையில் 500 ரூபாய் நோட்டு கொடுத்தார், அது 10,019.

இரண்டு பேர் "அனுப்பிட்டேன்" என்கிறார்கள், வரவில்லை. இருவரிடமும் ஸ்கிரீன்ஷாட் கேட்டுப் பார்த்ததில், ஒருவருடையதில் பணம் போனதாக இல்லை, நிலுவை என்று இருக்கிறது. அவர் கணக்கில் பணம் கழிந்து, வாங்குபவர் கணக்கில் சேராமல் நின்றுவிட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படி நின்ற யூபிஐ பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். அவர் அவசரப்பட்டு உடனே இரண்டாம் தடவை அனுப்பாமல், திரும்பியதைப் பார்த்துவிட்டு 7-ஆம் தேதி அனுப்பினார். மொத்தம் 10,520.

இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட்டில் "வெற்றி" என்றே இருக்கிறது. பெறுபவர் பெயரைப் படித்தால் அதே முதல் பெயர், வேறு இனிஷியல். போன் தொடர்புப் பட்டியலில் இரண்டு கவிதா இருந்திருக்கிறார்கள். வெற்றி பெற்ற யூபிஐ பரிவர்த்தனையை அனுப்பியவர் தானாக ரத்து செய்ய முடியாது. அந்தக் கவிதாவிடம் கேட்டு வாங்குவதுதான் சீக்கிரமான வழி. பச்சை டிக்கைப் பார்த்தவுடன் பட்டியலில் டிக் போடாமல், கணக்கில் வரவைப் பார்த்துப் போட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பாக்கி இரண்டு பேர் பதிலே சொல்லவில்லை. 8-ஆம் தேதி 9,450 ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கியாயிற்று, வாழ்த்து அட்டையும் பேப்பரும் 69, மிச்சம் 1,001 கவருக்கு. 10-ஆம் தேதி அந்த இன்னொரு கவிதாவிடமிருந்து பணத்தை மீட்டவர் 501 அனுப்ப, கவர் 1,501 ஆனது. கையில் நின்றது ஒரு ரூபாய். பில், ஷீட், கவர் தொகை மூன்றையும் அன்றே குழுவில் போட்டுவிட்டால் வசூல் முடிந்தது.

யூபிஐ லைட்டில் அனுப்பியவர்கள் "என் ஸ்டேட்மென்ட்டில் காணோமே" என்று கேட்பதும் உண்டு. அவர்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் லைட்டுக்கு ஏற்றிய தொகை மட்டும்தான் தெரியும், தனித்தனிச் செலவு ஆப்பின் வரலாற்றில் இருக்கும். அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.

## இழுத்தடிப்பவர்களை என்ன செய்வது

தராதவர்களை ஒரே கூட்டமாகப் பார்த்தால் தவறான மருந்து கொடுப்போம். மறந்தவர், இந்த மாதம் கையில் இல்லாதவர், கொடுக்க விருப்பமே இல்லாதவர் என்று மூன்று வகை. முதல் வகைதான் அதிகம்.

மறந்தவருக்குத் தேவை, படித்த இடத்திலேயே அனுப்பி முடிக்கக்கூடிய செய்தி. "சார், கிஃப்ட் காசு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் அவர் எவ்வளவு, யாருக்கு என்று மேலே தேட வேண்டும், தேடுவதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். இப்படிப் போடுங்கள்:

"சார், நம்ம செக்‌ஷன் கல்யாண கிஃப்ட்டுக்கு 501. நாளை 6-ஆம் தேதி கடைசி, 8-ஆம் தேதி பொருள் எடுக்கிறோம். யூபிஐ ஐடி அடுத்த மெசேஜில் தனியா இருக்கு, அதைக் காப்பி பண்ணிக்கலாம்."

ஐடியைத் தனிச் செய்தியாக அனுப்பினால் அழுத்திப் பிடித்து நகலெடுப்பது எளிது. குழுவில் பொதுவாக ஒரு நினைவூட்டல், கடைசி நாளுக்கு முந்தைய மாலை இப்படித் தனியாக ஒன்று. அதற்கு மேல் எழுத்தில் வேண்டாம்.

கையில் இல்லாதவர் அதைச் சொல்ல மாட்டார், "நாளைக்கு" என்று மட்டும் சொல்வார். இரண்டு "நாளைக்கு" ஆகிவிட்டால் தனியாக, முடிந்தால் நேரில் கேளுங்கள்: "அக்கா, பொருள் எடுத்தாச்சு, பணம் போதும். இந்தத் தடவை உங்களை விட்டுடட்டுமா, இல்ல கவர்ல சேத்துக்கவா?" இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு மரியாதை குறையாது. கொடுக்க விருப்பமில்லாதவருக்கும் இதே கேள்விதான். அவர் "விட்டுடுங்க" என்பார், விஷயம் முடியும்.

கொடுக்காதவர் பட்டியலைக் குழுவில் போடுவது உடனே பணம் வரவைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வசூலை அறிவிக்கும்போது அந்த நான்கு பேரும் எதிர்ப்பார்கள். போடுவதானால் வந்த மொத்தத் தொகையை மட்டும் போடுங்கள்: "இதுவரை 18 பேர், நாளை கடைசி." யார் பாக்கி என்று அவரவருக்கே தெரியும். வாழ்த்து அட்டையில் எல்லோர் பெயரும் இருக்கட்டும். அட்டையில் பெயரை விட்டால் மணமகளுக்கும் சேர்த்து அந்தக் கணக்கு போய்ச் சேரும்.

மேலதிகாரிகள் இழுத்தடிப்பது தனிக் கதை. அவர்களிடம் இளையவர் போய்க் கேட்கக் கூச்சப்படுவதால் பெரிய பங்கே கடைசிவரை நின்றுவிடும். அந்த ஒருவரிடம் கேட்கும் பொறுப்பை மட்டும் அவருக்கு நெருக்கமான மூத்தவரிடம் முதல் நாளே ஒப்படைத்துவிடுங்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு யாராவது 501 அனுப்பினால் அதை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். மணமகளுக்கு அவர் பெயரைச் சொல்லி அப்படியே அனுப்பிவிட்டு, ஷீட்டில் கடைசி வரியாக அந்த எண்ணையும் எழுதி மூடுங்கள்.